வீடியோவில் கை வைக்கவில்லை என்று காட்டுவது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்த அன்று வீடு முழுவதையும் போனில் ஆறு நிமிட வீடியோவாக எடுத்தேன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, சுவரும் குளியலறைக் கதவும் சேதமாகியிருந்தன என்று சொல்லி முன்பணத்தைத் தர மறுக்கிறார். வீடியோவைக் காட்டினால், “இது பழைய வீடியோ, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்” என்கிறார். அசல் இன்னும் என் ஆண்ட்ராய்டு போனில்தான் இருக்கிறது. அதைத் திருத்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

போனில் உள்ள அந்தக் கோப்பை இப்போதைக்கு அப்படியே விட்டுவையுங்கள். ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, திருப்பிச் சேமிப்பது, வேறு ஆல்பத்துக்கு நகர்த்துவது எதுவும் வேண்டாம். போனை மாற்றும் எண்ணம் இருந்தால் இந்தத் தகராறு முடியும்வரை அதையும் தள்ளிப்போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உரிமையாளருடனான வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். செய்திகள் தாமாக மறையும் வசதி அந்த உரையாடலில் இயங்கிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

உரிமையாளர் ஒரே மூச்சில் இரண்டு வெவ்வேறு குற்றச்சாட்டுகளைச் சொல்கிறார். ‘பழைய வீடியோ’ என்பது தேதியைப் பற்றியது. ‘வெட்டி ஒட்டியது’ என்பது படத்தின் தொடர்ச்சியைப் பற்றியது. ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றுக்குப் போதாது. ஒரு கோப்பில் யாரும் கை வைக்காமலே அது பழையதாக இருக்கலாம்; அதே நாளில் எடுத்த வீடியோவையும் நடுவில் வெட்டியிருக்கலாம். ஆகவே இரண்டையும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. தீர்ப்பு சொல்லும் இடம் நீதிமன்றமாக இருந்தாலும் சமரசக் குழுவாக இருந்தாலும், மின்னணுச் சான்றை எந்தப் படிவத்தில், யாருடைய கையொப்பத்துடன் தர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இங்கே நான் சொல்வது எந்தப் படிவமாக இருந்தாலும் அதற்குள் எழுத வேண்டிய உண்மைகளைத் திரட்டுவது பற்றி.

அசல் என்பது கேமரா செயலி பதிவை நிறுத்திய கணத்தில் எழுதிமுடித்த அந்தக் கோப்பு. அதை ஒரு பைட்டும் மாறாமல் படியெடுத்தால் அந்தப் படியும் அசலுக்குச் சமம்தான். போனில் இருப்பதற்கும் கணினியில் இருப்பதற்கும் உள்ளடக்கத்தில் எந்த வேறுபாடும் இருக்காது. ஆனால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியது அப்படிப்பட்ட படி அல்ல. அனுப்பும் முன்பே அது படத்தின் அளவைக் குறைத்து, மறுபடி சுருக்கி, உள்ளே இருந்த தகவல்களில் பெரும்பகுதியை நீக்கி, புதிய கோப்பு ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பியிருந்தால் மட்டுமே பைட்டுகள் அப்படியே போயிருக்கும். மேகச் சேமிப்பிலும் இந்த வலை உண்டு. இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பில் காப்பு எடுக்கும் செயலி சுருக்கிய படியைத்தான் மேலே ஏற்றுகிறது. பிறகு ‘போனில் இடத்தைக் காலிசெய்’ என்ற பொத்தானை யாராவது அழுத்தினால் போனில் இருந்த அசல் போய், சுருக்கிய படி மட்டும் மிஞ்சும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பலருக்கு இது நடந்ததே தெரியாது. அந்த அமைப்பைப் பாருங்கள், பொத்தானை அழுத்தாதீர்கள்.

அடுத்து, போனைக் கேபிளால் கணினியுடன் இணைத்து, கேமரா கோப்புறையில் இருக்கும் அந்தக் கோப்பை நகர்த்தாமல் படியெடுங்கள். அதன் பெயர் `20240512_174203.mp4` என்று வைத்துக்கொள்வோம். படியெடுத்ததும் அதன் ஹாஷ் மதிப்பைக் கணக்கிடுங்கள். ஹாஷ் என்பது கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்குக்குள் செலுத்திக் கிடைக்கும் குறுகிய மதிப்பு. `SHA256` முறையில் அது எப்போதும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரியாக வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. கோப்பு இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதல் வரியைத் தட்டினால் போதும். மேக்கில் இரண்டாவது, லினக்ஸில் மூன்றாவது.

```
certutil -hashfile 20240512_174203.mp4 SHA256
shasum -a 256 20240512_174203.mp4
sha256sum 20240512_174203.mp4
```

போனிலிருந்து இன்னொரு முறை, முடிந்தால் வேறொரு கணினியில், படியெடுத்து அதன் ஹாஷையும் கணக்கிடுங்கள். இரண்டு வரிகளும் ஒன்றாக வந்தால் படியெடுப்பதில் பிழை இல்லை என்று பொருள். பழைய கருவிகள் சில `MD5` அல்லது `SHA1` முறையில் கணக்கிட்டுத் தரும். `SHA1` முறையில் ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். `MD5` அதற்கும் வெகு முன்பே உடைந்துவிட்டது. உங்கள் கோப்பில் அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று யாரும் நம்பப்போவதில்லை என்றாலும், எதிர்த்தரப்புக்குக் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பை வலியக் கொடுப்பானேன்? கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ, பெயரை மாற்றுவதாலோ ஹாஷ் மாறாது. உள்ளே இருக்கும் இடக்குறிப்பைத் திருத்தினாலோ, படத்தைத் திருப்பிச் சேமித்தாலோ மாறிவிடும்.

கிடைத்த வரியை ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது மட்டும் போதாது, ஏனென்றால் அந்தக் காகிதமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கோப்பின் பெயர், பைட் அளவு, ஹாஷ், படியெடுத்த நாள், நேரம் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, உங்கள் வழக்கறிஞருக்கும் நேரடியாக உரிமையாளருக்குமே அனுப்பிவிடுங்கள். வீடியோவை அனுப்ப வேண்டியதில்லை, அந்த ஒரு வரி போதும். அதன்பிறகு நீங்கள் கோப்பைத் தொட்டிருந்தால் அவரிடமே இருக்கும் வரி உங்களைக் காட்டிக்கொடுக்கும். தொடவில்லை என்றால் அதே வரி உங்களுக்காகப் பேசும். இதற்கென்றே நேர முத்திரை இட்டுத் தரும் சேவைகளும் உண்டு; பெரிய தொகை சிக்கியிருக்கும் வழக்குகளில் அவற்றைப் பயன்படுத்துவதில் பொருள் இருக்கிறது. முன்பணத் தகராறுக்கு மின்னஞ்சலே போதும் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று எடுத்த ஹாஷ் இன்றிலிருந்துதான் காவல் காக்கும். வீடியோ எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே இரண்டு மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் வெட்டி ஒட்டிவிட்டு, ஒட்டிய கோப்புக்கு ஹாஷ் எடுத்திருக்கலாமே என்று உரிமையாளரின் வழக்கறிஞர் கேட்டால், ஹாஷிடம் அதற்கு விடை இல்லை. ‘ஹாஷ் இருக்கிறது, ஆகவே திருத்தப்படவில்லை’ என்று மனுவில் எழுதிவிட்டு இந்தக் கேள்விக்கு முன்னால் திணறுவது அடிக்கடி நடக்கிறது.

நல்ல வேளையாக உங்கள் வழக்கில் அந்த இடைவெளியை அடைக்க ஒரு பாலம் இருக்கிறது. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சுருக்கிய கோப்பு தரத்தில் மட்டமானதுதான், ஆனால் அது எதிர்த்தரப்பின் கையில், அன்றைய தேதியும் நேரமும் குறித்த செய்தியோடு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் போனிலும் அதன் மறுபாதி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப்பின் வீடியோ கோப்புறைக்குள் `Sent` என்று ஓர் உட்கோப்புறை உண்டு. அனுப்பும் முன் சுருக்கிய கோப்பு `VID-20240512-WA0007.mp4` என்பது போன்ற பெயரில் அங்கே கிடக்கும். அனுப்பும்போது அந்தக் கோப்பைப் பூட்டி அனுப்பி, பெறுபவரின் போனில் அதே கோப்பாகத் திறக்கிறார்கள். ஆகவே உங்கள் `Sent` கோப்புறையில் இருப்பதன் ஹாஷும் உரிமையாளர் போனில் இறங்கியதன் ஹாஷும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர் அந்த வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தால், விசாரிப்பவர் முன்னிலையில் இரண்டையும் கணக்கிட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அவர் அழித்துவிட்டிருந்தால்கூட, வீடியோ அன்று வந்தது என்பதையோ, அதைப் பார்த்துவிட்டு அவர் அனுப்பிய பதிலையோ மறுப்பது கடினம். அவர் அன்று ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதிலளித்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கும் எடை எந்த வல்லுநர் அறிக்கைக்கும் இல்லை.

சுருக்கிய கோப்பின் ஹாஷும் போனிலுள்ள அசலின் ஹாஷும் ஒன்றாக இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்தால், ‘பாருங்கள், இரண்டும் வேறு வேறு’ என்று முழங்குவார்கள். வேறுபாடு வாட்ஸ்அப் செய்த சுருக்கத்தால் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டால் அதே அறைகள், அதே வரிசை, அதே பேச்சு, அதே நீளம் என்பது சாதாரணக் கண்ணுக்கே தெரியும். நீளம் ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பின் அனுப்பும் திரையில் ஓரங்களை இழுத்துக் குறைக்கும் வசதி உண்டு. அளவு அதிகமான வீடியோவை அதுவே குறைக்கச் சொல்வதும் உண்டு. அசல் 6 நிமிடம் 11 விநாடியும் அனுப்பியது 5 நிமிடம் 40 விநாடியும் என்றால், எந்த அரை நிமிடம் போனது என்பதற்கு உங்களிடம் விடை தயாராக இருக்க வேண்டும்.

ஆக, இந்த வீடியோ அன்று மாலைக்குப் பிறகு செய்யப்பட்டதல்ல என்பதற்கு வாட்ஸ்அப் போதும். இனி ‘பழைய வீடியோ’ என்பதற்கு வருவோம். அதாவது, சில மாதங்களுக்கு முன்பு எடுத்து வைத்திருந்ததை அன்று மாலை அனுப்பினீர்கள் என்ற வாதம். இங்கே கோப்பின் உள்ளே இருக்கும் தகவலுக்கு ஓரளவு வேலை உண்டு. `ffprobe` என்ற இலவசக் கருவியால் படியைத் திறந்து பார்த்தால், ஆண்ட்ராய்டு போனில் எடுத்த கோப்பு ஏறக்குறைய இப்படித் தோன்றும்.

```
major_brand         : mp42
creation_time       : 2024-05-12T12:18:15.000000Z
com.android.version : 14
Duration: 00:06:11
```

இதில் நேரத்தைப் படிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோப்பின் பெயர் மாலை 5 மணி 42 நிமிடம் 3 விநாடி என்கிறது. உள்ளே இருப்பது பகல் 12 மணி 18 நிமிடம் 15 விநாடி என்கிறது. பார்த்தவுடன் பொய் என்று தோன்றும். ஆனால் இறுதியில் இருக்கும் `Z` என்பது உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. உங்கள் உள்ளூர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருந்தால், உள்ளே இருப்பது உள்ளூரில் மாலை 5:48:15. பெயரில் உள்ள 5:42:03-உடன் ஆறு நிமிடம் பதினொரு விநாடியைக் கூட்டினால் 5:48:14 வருகிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் கோப்பின் பெயரைப் பதிவு தொடங்கும்போதும், உள்ளே இருக்கும் நேரத்தைப் பதிவு முடிந்து கோப்பை மூடும்போதும் எழுதுகின்றன. அதனால்தான் இரண்டுக்கும் இடைவெளி சரியாக வீடியோவின் நீளம் அளவுக்கு இருக்கிறது, மிஞ்சிய ஒரு விநாடி கோப்பை எழுதிமுடிக்க ஆனது. இப்படி மூன்று எண்கள் ஒன்றோடொன்று இசைவது, ஒரே ஒரு தேதியைக் காட்டுவதைவிட நம்பகமானது. நடுவில் அரை நிமிடத்தை வெட்டியிருந்தால் இந்தக் கூட்டல் இடறியிருக்கும். உங்கள் போன் மாதிரி இப்படித்தான் எழுதுகிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். இன்று அதே போனில் ஆறு நிமிட வீடியோ ஒன்றை எடுத்து அதே கருவியால் திறந்து பாருங்கள்.

ஆனாலும் இந்த நேரம் போனின் கடிகாரம் சொன்னது மட்டுமே. எடுப்பதற்கு முன் தேதியைக் கையால் மாற்றியிருக்கலாம், எடுத்த பிறகு ஒரு சிறு கருவியால் அந்தப் புலத்தைத் திருத்தியிருக்கலாம். இரண்டும் கடினமான வேலை அல்ல. எனவே தேதிக்கு உங்கள் முதன்மைச் சான்றாக இதை முன்வைக்காதீர்கள். கோப்புக்கு வெளியே, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஏதோ ஒன்று வீடியோவின் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டியபோது மின்மீட்டர் படத்தில் வந்திருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. மீட்டரில் 48213 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மின் வழங்குபவரின் பதிவில் முந்தைய மாதக் கணக்கு 48090 என்றும், நீங்கள் காலி செய்த பிறகு எடுத்த கணக்கு 48215 என்றும் இருந்தால், இந்த வீடியோ முந்தைய கணக்குக்குப் பிறகு, இறுதிக் கணக்கை ஒட்டி எடுக்கப்பட்டது என்பது தானாகவே வந்துவிடும். மீட்டரைப் பின்னோக்கிச் சுழற்றுவது எளிதல்ல. அந்தப் பதிவேடும் உங்கள் கையில் இல்லை. மீட்டர் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். வீடு முற்றிலும் காலியாக இருப்பது, பொருள்களை ஏற்றிச் செல்லும் வண்டி வாசலில் நிற்பது, சாவியை மேசையில் வைப்பது என்று நாளோடு பிணைந்த விவரங்களைத் தேடிப் பட்டியலிடுங்கள். வண்டிக்காரரின் ரசீதில் அன்றைய தேதி இருக்கும் அல்லவா?

மீட்டர் எண் ஒருபுறம் ‘இதற்கு முன்பு அல்ல’ என்கிறது. வாட்ஸ்அப் செய்தி மறுபுறம் ‘இதற்குப் பின்பு அல்ல’ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வீடியோ சிக்கிக்கொண்ட பிறகு, தேதி பற்றிய வாதத்துக்கு அதிக உயிர் இருக்காது.

மிஞ்சுவது ‘நடுவில் வெட்டி ஒட்டியது’. இதை ஆராயும் வல்லுநர் எங்கே பார்ப்பார் என்று தெரிந்துகொண்டால், கோப்பை ஏன் தொடக்கூடாது என்பதும் விளங்கும். எம்பி4 கோப்பு பல பெட்டிகளால் ஆனது. `mdat` என்ற பெட்டியில் படமும் ஒலியும் இருக்கும். `moov` என்ற பெட்டியில் எந்தப் படம் எங்கே இருக்கிறது, எத்தனை நேரம் காட்ட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். எந்தப் பெட்டி முதலில் வருகிறது, எந்தச் சிறு பெட்டிகள் உடன் இருக்கின்றன என்பதில் ஒவ்வொரு போன் மாதிரிக்கும் ஒரு பழக்கம் உண்டு. திருத்தும் மென்பொருள் கோப்பை மறுபடி எழுதும்போது அந்தப் பழக்கம் மாறி, மென்பொருளின் பழக்கம் வந்து உட்காரும். பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள் நூலகம் ஒன்று தன் பெயரையே பொறித்துவிட்டுப் போகும்:

```
major_brand : isom
encoder     : Lavf60.16.100
```

போன் பதிவில் இந்த `Lavf` வரி இருக்க வேண்டிய காரணம் இல்லை. அது இருந்தால் கோப்பு ஒரு முறையாவது வேறொரு மென்பொருள் வழியாகப் போயிருக்கிறது என்று பொருள். ஆனால் மோசடி நடந்தது என்று பொருள் இல்லை. யாரோ நல்லெண்ணத்தோடு அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டிய சுமை உங்கள் தலையில் விழுந்துவிடும். ‘மின்னஞ்சலில் போகவில்லை, அதனால் கொஞ்சம் சுருக்கினேன்’ என்று சொல்லி அசலின் இடத்தில் சுருக்கியதை வைத்துவிடுபவர்கள் உண்மையானவர்களாக இருந்தும் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து வல்லுநர் பார்ப்பது படங்களின் வரிசை. வீடியோ சுருக்கத்தில் எல்லாப் படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முழுப் படமும், அதற்கு நடுவே முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும். போன்கள் பெரும்பாலும் ஒரே சீரான இடைவெளியில், எடுத்துக்காட்டாக விநாடிக்கு ஒரு முறை, முழுப் படத்தை எழுதுகின்றன. கீழே உள்ள கட்டளை ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் வரிசையாகத் தரும். `K` என்று குறித்திருப்பவை முழுப் படங்கள்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries packet=pts_time,flags -of csv=p=0 20240512_174203.mp4
```

மறுபடி சுருக்காமல் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டால், வெட்டுக்குப் பின் வரும் பகுதி பொதுவாக ஒரு முழுப் படத்திலிருந்துதான் தொடங்க முடியும். ஒலியும் படமும் வெவ்வேறு நீளத் துண்டுகளாக இருப்பதால் சேரும் இடத்தில் நேரத்தில் சிறு சறுக்கலோ, `elst` என்ற திருத்தப் பட்டியலோ பெரும்பாலும் எஞ்சும். மறுபடி சுருக்கி எழுதினால் நேரம் சீராகிவிடும். ஆனால் போனின் பழைய சுருக்கத்தின் மீது புதிய சுருக்கம் ஏறிய தடம் படத்திலேயே பதியும், முழுப் படங்களின் இடைவெளியும் அந்த மென்பொருளின் வழக்கத்துக்கு மாறிவிடும். ஒலியையும் மறந்துவிடாதீர்கள். ஓர் அறையின் பின்னணி இரைச்சல், மின்விசிறியின் முனகல், தெருவில் கடந்துபோகும் வண்டி ஆகியவை வெட்டும் இடத்தில் துண்டுபடும். படத்தில் கதவுக்குப் பின்னால் ஒளித்த வெட்டைப் பல முறை காதுதான் பிடிக்கிறது. அதே கட்டளையை நீங்களே ஓட்டினால், படங்களுக்கிடையேயான நேரம் 33 மில்லிவிநாடியிலிருந்து 35, 31 என்று கொஞ்சம் ஆடுவதைக் காண்பீர்கள். அதைக் கண்டு பதற வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறைக்குள் நுழையும்போது போன்கள் படங்களின் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்வது இயல்பு. அந்த ஆட்டம் இல்லாமல் ஆறு நிமிடமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தால்தான் மென்பொருள் புகுந்ததோ என்று சந்தேகிக்க இடம் உண்டு.

போனை மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இங்கேதான் வருகிறது. மேலே சொன்ன பழக்கங்கள் அனைத்தும் ஒப்பிட்டுத்தான் பொருள் பெறுகின்றன. வல்லுநர் அதே போனில், அதே கேமரா அமைப்பில் சில வீடியோக்களை எடுத்து, உங்கள் கோப்பின் பெட்டி வரிசையையும் இடைவெளிகளையும் அவற்றோடு பொருத்திப் பார்ப்பார். மென்பொருள் புதுப்பிப்பு அந்தப் பழக்கங்களை மாற்றிவிடக்கூடும் என்பதால், முடிந்தவரை பெரிய புதுப்பிப்பையும் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வையுங்கள். அந்த நாள்களில் எடுத்த மற்றச் சாதாரண வீடியோக்கள் போனில் இருந்தால், குழந்தை விளையாடியது, சமைத்தது எதுவானாலும், அவற்றையும் அழிக்காதீர்கள். பழைய மென்பொருள் எழுதிய மாதிரிகள் அவைதான். இதுதவிர, ஒவ்வொரு கேமரா சென்சாரிலும் உற்பத்தியின்போதே வந்த நுண்ணிய ஏற்ற இறக்கம் உண்டு. அது எல்லாப் படத்திலும் ஒரே மாதிரியான மெல்லிய இரைச்சலாகப் பதிவதால், இந்த வீடியோ இந்தப் போனில்தான் எடுக்கப்பட்டதா என்று அதை வைத்துச் சோதிக்க முடிகிறது. வீடியோவில் சுருக்கமும், கை நடுக்கத்தைச் சமன்படுத்தும் வசதியும் அந்தத் தடத்தைக் கலைத்துவிடுவதால், நிழற்படத்தில் கிடைக்கும் அளவுக்கு உறுதி இதில் எப்போதும் கிடைப்பதில்லை.

இவ்வளவும் செய்து முடித்தாலும், நேர்மையான வல்லுநர் ‘இது திருத்தப்படவில்லை’ என்று எழுத மாட்டார். ‘திருத்தியதற்கான தடயம் எதுவும் காணப்படவில்லை, கோப்பின் அமைப்பு இந்தப் போனின் நேரடிப் பதிவோடு ஒத்திருக்கிறது’ என்றுதான் எழுதுவார். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். இந்தத் துறையில் கிடைக்கக்கூடிய உயர்ந்த சொல் அதுதான். வல்லுநரின் கட்டணம் உங்கள் முன்பணத்தையே விழுங்கிவிடக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் நிலையில் நான் முதலில் மீட்டர் கணக்கையும் வாட்ஸ்அப் செய்தியையும் ஹாஷ் மின்னஞ்சலையும் முன்வைப்பேன். அதன்பிறகும் உரிமையாளர் பிடிவாதமாக இருந்தால், எந்த நிமிடத்தில் எந்த விநாடியில் வெட்டு இருக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்வேன். பொதுவாக ‘வெட்டியது’ என்பவர் இடத்தைக் காட்டச் சொன்னால் தயங்குவார். காட்டினால் அந்த ஓர் இடத்தைச் சோதிப்பது ஆறு நிமிடத்தையும் சோதிப்பதைவிட எளிது, செலவும் குறைவு.

கணினிக்குப் படியெடுத்த பிறகு ஒரு சிறு குழப்பம் வரும். விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்தால், உருவாக்கிய தேதி என்று படியெடுத்த நாளைத்தான் காட்டும். சில வேளைகளில் ‘உருவாக்கிய’ தேதி ‘மாற்றிய’ தேதிக்குப் பிந்தியதாகவும் இருக்கும், பிறக்கும் முன்பே வளர்ந்த பிள்ளையைப் போல. அந்தத் தேதிகள் கோப்புக்குள் இல்லை, அது இருக்கும் வட்டுக்குச் சொந்தமானவை. வட்டு மாறினால் அவையும் மாறும். ஹாஷில் அவை சேர்வதில்லை. எதிர்த்தரப்பு அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால், அதே ஹாஷோடு போனில் இருக்கும் கோப்பைக் காட்டுங்கள்.

சுவரையும் கதவையும் தெளிவாகக் காட்ட, வெளிச்சத்தைக் கூட்டியோ வட்டமிட்டோ ஒரு சிறு துண்டு தேவைப்படலாம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் படியிலிருந்து செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே ‘விளக்கப் பிரதி’ என்று எழுதுங்கள். எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, என்ன மாற்றினீர்கள் என்று கூடவே ஒரு வரி வையுங்கள். முழு அசலையும் சேர்த்தே கொடுங்கள், தொடக்கத்தில் நீங்கள் அலுத்துக்கொண்டு பேசியது கேட்டாலும் பரவாயில்லை. வெட்கப்பட்டு முதல் இருபது விநாடியை நீக்கிய வீடியோவைவிட அலுப்போடு இருக்கும் வீடியோ மதிப்புள்ளது.

கடைசியாக, எடுத்தவர் நீங்கள் என்பதால் உங்கள் வாக்குமூலத்தை இப்போதே, நினைவு மங்கும் முன், எழுதி வையுங்கள். எந்தப் போன், எந்தச் செயலி, எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள், உடன் யார் இருந்தார், எந்த வரிசையில் அறைகளைக் காட்டினீர்கள், எப்போது யாருக்கு அனுப்பினீர்கள், அதன்பின் போன் யாரிடம் இருந்தது, பழுதுபார்க்க எங்கேனும் கொடுத்தீர்களா, எந்த நாளில் படியெடுத்தீர்கள், ஹாஷ் என்ன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இடையில் ஒரு நாள் போன் வேறொருவர் கையில் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, அவரிடமும் ஒரு வரி வாங்கி இணைத்துவிடுங்கள்.